20 அடிக்கு 10 அடி தளம், நான்கு தூண்: எத்தனை கன மீட்டர், எத்தனை மூட்டை?

"அண்ணே, பட்டர்வொர்த்தில் எங்கள் டெரஸ் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறோம். தரைத்தளம் 20 அடிக்கு 10 அடி, 5 அங்குல கனம். 9 அங்குலச் சதுரத் தூண் நான்கு, ஒவ்வொன்றும் 10 அடி. குத்தகையாளர் 20 மூட்டை சிமெண்டு போதும் என்கிறார். ஹார்ட்வேர் கடையில் 30 எடுக்கச் சொல்கிறார்கள். எது சரி? சேதாரத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும்?"

நீங்கள் சொன்ன அளவுக்கு 27 மூட்டை. தளத்துக்கு 21, தூண்களுக்கு 6. இது ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு கல் என்ற கலவைக்கான கணக்கு. மூட்டை 50 கிலோ. அந்த 20-ம் 30-ம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கணக்கைப் படிப்படியாகப் பார்த்துவிட்டால் அது தானாகவே விளங்கும்.

முதல் வேலை, எல்லா அளவையும் மீட்டராக்குவது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. 20 அடி என்பது 6.10 மீட்டர், 10 அடி என்பது 3.05 மீட்டர். 5 அங்குலம் என்பது ஏறக்குறைய 125 மில்லிமீட்டர், அதாவது 0.125 மீட்டர். தூணின் 9 அங்குலம் 0.23 மீட்டர். அங்குலத்தை அடியோடு பெருக்கிவிட்டு, வந்த எண்ணைக் கன அடி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 5 அங்குலத்தை 0.5 அடி என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. 0.5 அடி என்றால் 6 அங்குலம். அந்த ஒரு சறுக்கலே தளத்தின் கணக்கை 20 விழுக்காடு ஏற்றிவிடும்.

```
தளம்  : 6.10 × 3.05 × 0.125        = 2.326 கன மீட்டர்
தூண்  : 0.23 × 0.23 × 3.05 × 4     = 0.645 கன மீட்டர்
மொத்தம்                            = 2.971 கன மீட்டர்
```

தூண் வட்டமாக இருந்தால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, பிறகு உயரத்தால் பெருக்குங்கள். உள்ளே இருக்கும் கம்பியைக் கழிக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 100 கிலோ கம்பி இருந்தாலும் அது அடைக்கும் இடம் 1.3 விழுக்காடுதான். அதை விட்டுவிடுவது வழக்கம்.

தூணின் உயரத்தை மட்டும் எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 10 அடி என்பது தரையிலிருந்து கூரை பீமின் மேல்மட்டம் வரை என்றால், பீமின் ஆழம் தூணிலும் பீமிலும் இரண்டு முறை எண்ணப்படும். மறுபக்கம், தரைக்குக் கீழே அடித்தளத்தின் மேல்முகம் வரை தூணின் குட்டைப் பகுதி ஒன்று இறங்கியிருக்கும். அது 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் நான்கு தூணுக்கும் 0.127 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மூட்டை. கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கேள்வியில் தூணுக்கு அடியிலுள்ள அடித்தளமும் பீமும் வரவே இல்லை. 90 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் கனம் என்ற அளவில் நான்கு அடித்தளம் போட்டால் அதற்கே ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, எட்டு மூட்டை போகும். எனவே குத்தகையாளரிடம் அவர் சொன்ன எண்ணில் எவையெல்லாம் அடங்கும் என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்காமல் இரண்டு எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

இனி சேதாரம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கணக்கில் இரண்டு இடத்தில் எண்ணைக் கூட்டுகிறோம். இரண்டும் வெவ்வேறு காரணத்துக்காக. ஒன்று 1.54 என்ற பெருக்கல். சிமெண்டு, மணல், கல் மூன்றையும் உலர்ந்த நிலையில் தனித்தனியாக அளந்தால் நடுவே காற்றிடைவெளி நிறைய இருக்கும். கலந்து தண்ணீர் ஊற்றியதும் கல்லின் இடைவெளிக்குள் மணலும், மணலின் இடைவெளிக்குள் சிமெண்டும் போய் அமர்ந்து, மொத்தம் சுருங்கும். அதனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட் கிடைக்க உலர்பொருள் ஏறக்குறைய 1.54 கன மீட்டர் வேண்டும். இது சேதாரம் அல்ல. ஒரு துளி சிந்தாமல் வேலை செய்தாலும் இது வேண்டும். "54 விழுக்காடு ஏற்கெனவே கூட்டியாயிற்றே, சேதாரம் அதற்குள் அடங்கிவிடும்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

சேதாரம் என்பது அதற்கும் மேலே, வரைபடத்தின் அளவுக்கும் உண்மையில் ஊற்றப்படும் அளவுக்கும் உள்ள வேறுபாடு. அது தளத்துக்கு ஒரு விதம், தூணுக்கு ஒரு விதம். இரண்டுக்கும் ஒரே விழுக்காடு போடுவது சரியாக வராது.

தரைத்தளத்தில் தள்ளுவண்டியிலிருந்து சிந்துவதும் கலவை இயந்திரத்தில் ஒட்டிக்கொள்வதும் சிறு பங்கு. பெரும் பங்கு கீழே இருக்கும் மண் மேடுபள்ளமாக இருப்பதால் வருவது. உங்கள் தளத்தின் பரப்பு 18.6 சதுர மீட்டர். மண் சராசரியாக 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், அதாவது ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக, கூடுதலாகப் போகும் கான்கிரீட் 0.186 கன மீட்டர். அது தளத்தின் 8 விழுக்காடு, ஒன்றரை மூட்டை சிமெண்டு. 25 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் 20 விழுக்காடு, ஏறக்குறைய நான்கு மூட்டை. இதற்கு ஈடாகச் சேதாரத்தை 20 விழுக்காடு என்று எழுதிக்கொள்வதைவிட, ஊற்றுவதற்கு முந்தின நாள் பக்கப் பலகைகளின் மேல் நூல் கட்டி, நூலிலிருந்து மண் வரை ஒரு பதினைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அந்தச் சராசரியையே கனமாகப் போட்டுக் கணக்கிடுங்கள். அப்போது சிந்துவதற்கும் ஒட்டுவதற்கும் 5 விழுக்காடு போதும். அளக்க வாய்ப்பில்லை, வரைபட எண்தான் கையில் இருக்கிறது என்றால் 10 விழுக்காடு வையுங்கள். மேலே நான் சொன்ன 21 மூட்டை அந்த 10 விழுக்காட்டோடுதான்.

மண்ணை இடித்து இறுக்கி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுப் பால் மண்ணுக்குள் இறங்கும், ஆட்கள் நடக்க நடக்க மண்ணும் அமுங்கும். முன்பு அளந்த சராசரி அப்போது செல்லாது.

தூணில் மண் இல்லை, நான்கு பக்கமும் பலகை. அங்கே கூடுதல் செலவு பலகை பிதுங்குவதால் வரும். ஈரக் கான்கிரீட் 10 அடி உயரத்துக்கு நிற்கும்போது அடியில் அழுத்தம் பலமாக இருக்கும். 230 மில்லிமீட்டர் தூண் இரு திசையிலும் சராசரியாக 5 மில்லிமீட்டர் பிதுங்கினால் அளவு 4.4 விழுக்காடு கூடும். 10 மில்லிமீட்டர் பிதுங்கினால் 9 விழுக்காடு. அதனால் நன்றாக இறுக்கிக் கட்டிய பலகைக்கு 5 விழுக்காடு என்று வைக்கிறேன். பலகையின் மூலையில் சிமெண்டுப் பால் ஒழுகினால் அந்த இடத்தில் பிறகு கல் தெரியும் ஓட்டைகள் வரும். எனவே மூலை இடைவெளியை முன்பே அடைப்பது சிமெண்டுச் சிக்கனத்தைவிடத் தூணின் பலத்துக்கு முக்கியம்.

```
தளம்  : 2.326 × 1.10 = 2.56 கன மீட்டர்
தூண்  : 0.645 × 1.05 = 0.68 கன மீட்டர்
```

இனி மூட்டை. சிமெண்டு தளர்வாகக் கிடக்கும்போது ஒரு கன மீட்டர் 1,440 கிலோ என்று கொள்வது வழக்கம். 1 : 1.5 : 3 கலவையில் மொத்தப் பங்கு 5.5.

```
1.54 ÷ 5.5 = 0.28 கன மீட்டர் சிமெண்டு
0.28 × 1440 ÷ 50 = 8.06 மூட்டை (ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு)

தளம்  : 2.56 × 8.06 = 20.6  →  21 மூட்டை
தூண்  : 0.68 × 8.06 =  5.5  →   6 மூட்டை
```

தளத்தையும் தூணையும் கூட்டிவிட்டு ஒரே முறை முழு எண்ணாக்காதீர்கள். அவை வேறு வேறு நாளில் ஊற்றப்படும். தூண் நாளில் உடைத்த மூட்டையின் மீதி, தளம் போடும் நாள் வரை நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. மணல் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 0.42, கல் 0.84. உங்கள் வேலை முழுவதற்கும் மணல் 1.4, கல் 2.7 கன மீட்டர் வரும். கொட்டிய இடத்தில் அடியில் மண்ணோடு கலந்து வீணாகும் பகுதிக்காக இரண்டிலும் சிறிது கூட்டிச் சொல்லுங்கள்.

1 : 2 : 4 கலவையில் இதே கணக்கு ஒரு கன மீட்டருக்கு 6.34 மூட்டை தரும். சேதாரம் இல்லாத 2.971-ஐ இதனால் பெருக்கினால் 18.8. குத்தகையாளரின் 20 இப்படித்தான் வந்திருக்க வேண்டும்: எல்லாவற்றுக்கும் 1 : 2 : 4, சேதாரத்துக்கு ஒரு மூட்டை. மண்ணின் மேல் படுத்திருக்கும் சமையலறைத் தளத்துக்கு 1 : 2 : 4 போடுவதில் தவறில்லை, அப்போது தளத்துக்கு 17 மூட்டை. ஆனால் தூணுக்கு அதைப் போட விடாதீர்கள். தூணுக்கு 6 மூட்டையை அப்படியே வைத்தால் மொத்தம் 23. அவருடைய 20 அப்போதும் குறைவு. கடைக்காரரின் 30, தளத்தை 6 அங்குலமாக எடுத்து எல்லாவற்றின் மேலும் 10 விழுக்காடு போட்டால் ஏறக்குறைய வருகிற எண். அவர் மீது குற்றமில்லை, 5 அங்குலம் என்று அவரிடம் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் சிமெண்டு பாதியில் தீர்ந்துபோவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் ஈர மணல். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேலை என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மணல் ஈரமாக இருக்கும்போது ஒவ்வொரு மணியைச் சுற்றியும் நீர்ப்படலம் நின்று மணிகளை விலக்கிவைக்கும். அதனால் மணல் உப்பும். 25 விழுக்காடு உப்புவது சாதாரணம். ஒன்றரைப் பெட்டி ஈர மணல் போட்டால் உள்ளே உண்மையில் இருப்பது 1.2 பெட்டி மணல்தான். குறைந்த மணலால் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட் 5 விழுக்காடு போலக் குறையும். 21 மூட்டை வேலையில் அது ஒரு மூட்டை. கூடவே கல் அதிகமாகி, பூச முடியாத சொரசொரப்பான கலவையாகவும் மாறும்.

சோதிப்பது எளிது. நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஈர மணலைத் தளர்வாகப் போட்டு உயரத்தை அளங்கள். மணலை வெளியே எடுத்து, டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கி அமர விடுங்கள். முழுதும் நனைந்த மணல் மீண்டும் சுருங்கி உலர்ந்த அளவுக்கு வரும். முன்பு 20 சென்டிமீட்டர், இப்போது 16 என்றால் உப்பல் 25 விழுக்காடு. ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றேமுக்கால் பெட்டியும் இன்னும் கொஞ்சமும் போட வேண்டும்.

பெட்டி என்று சொன்னேன், அதைச் செய்துகொள்ளுங்கள். ஒரு மூட்டை சிமெண்டு 34.7 லிட்டர். உள்ளளவு 35 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 28.5 ஆழம் உள்ள மரப்பெட்டி ஒரு மூட்டைக்குச் சமம். ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி கல். மண்வெட்டியால் எண்ணிப் போட்டால் காலையில் குவியும் மண்வெட்டி மாலையில் குவியாது. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர்தான் உச்சம், மணலில் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்து. ஒரு மூட்டைக்கான மணல் 83 கிலோ போல வரும். அதில் 5 விழுக்காடு ஈரம் இருந்தால் 4 லிட்டர் உள்ளே வந்துவிட்டது. அப்போது ஊற்ற வேண்டியது 21 லிட்டர். கலவை இழுக்கக் கடினமாக இருக்கிறது என்று ஆட்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள். அளவு கூடினது போலத் தெரியும், பலம் இறங்கும், தளத்தின் மேல்தோல் பிறகு தூசியாகப் பறக்கும்.

ஊற்றும்போதே கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட் 0.124 கன மீட்டர். 125 மில்லிமீட்டர் கனத்தில் அது ஒரு சதுர மீட்டர் தளம். சேதாரத்தோடு பார்த்தால் ஒரு மூட்டை 0.9 சதுர மீட்டரை மூட வேண்டும். தளத்தின் அகலம் 3.05 மீட்டர் என்பதால், பத்து மூட்டை தீரும்போது நீளவாக்கில் 3 மீட்டர் அளவு முடிந்திருக்க வேண்டும். பக்கப் பலகையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். பத்தாவது மூட்டையில் கோட்டைத் தொடவில்லை என்றால் மண் தாழ்ந்திருக்கிறது, அல்லது மணல் உப்பியிருக்கிறது. அப்போதே கடைக்கு ஆள் அனுப்பினால் மீதி வேலை நிற்காது. பதினெட்டாவது மூட்டையில் தெரிந்தால் முன்பு ஊற்றியது இறுகிவிடும். புதியது அதோடு ஒட்டாமல் நடுவே ஒரு கோடாகப் பிரிந்து நிற்கும். சமையலறையில் அந்தக் கோட்டின் மேல் ஒட்டும் தரை ஓடும் பிறகு வெடிக்கும். அதனால் தளம் போடும் நாளில் மட்டும், 21-க்கு மேல் ஒரு மூட்டையைப் பிரிக்காமல் ஒதுக்கி வையுங்கள். பிரிக்காததைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கோடு தாண்டி வேகமாகப் போகிறது என்றாலும் மகிழ வேண்டாம். தளம் 5 அங்குலத்தை எட்டவில்லை என்று பொருள். ஒரு கம்பியை ஈரக் கான்கிரீட்டில் குத்தி ஆழம் பாருங்கள். அடியிலுள்ள விரிப்பைக் கிழிக்காமல் மெதுவாக.

வாங்கும்போது மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். செங்கல் கட்டவும் சுவர் பூசவும் விற்கும் மேசன்ரி சிமெண்டு விலை குறைவு. அது தூணுக்கும் தளத்துக்கும் ஆகாது; எத்தனை மூட்டை கூட்டினாலும் அந்தக் குறை நீங்காது. கான்கிரீட்டுக்கு உரிய போர்ட்லண்டு சிமெண்டையே கேளுங்கள். மூட்டையை அழுத்திப் பார்க்கும்போது விரலால் உடையாத கட்டி தென்பட்டால் அது ஈரம் குடித்தது, வேண்டாம்.

ரெடிமிக்ஸ் எடுக்க நினைத்தால் மூட்டைக் கணக்கு தேவையில்லை, கன மீட்டர் போதும். தளத்துக்கு 2.56 வேண்டும். அரை கன மீட்டர் படியில் விற்றால் 2.5 அல்லது 3 என்று வரும். நூல் கட்டி அளந்து மண் சமமாக இருப்பது உறுதியானால் 2.5 சொல்லிவிட்டு, ஒரு மூட்டை சிமெண்டும் அதற்குரிய மணலும் கல்லும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூலைக்கு 0.124 கையிலிருக்கும். அளக்கவில்லை என்றால் 3 எடுத்து, மிஞ்சுவதைக் கொட்ட பின்வாசல் நடைபாதைக்குப் பலகை அடித்துத் தயாராக வையுங்கள். பின்சந்துக்குள் லோரி நுழையாமல் பம்ப் வைத்தால் குழாயில் தங்குவதையும் கூட்ட வேண்டும்: 125 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 12 லிட்டர், 20 மீட்டருக்குக் கால் கன மீட்டர். சிறு அளவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதையும் சேர்த்து 21 மூட்டையின் செலவோடு, ஆள்கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகராண்மைக்குப் போன வரைபடத்தில் பொறியாளர் கிரேட் 25 என்று எழுதியிருந்தால், பெட்டியால் அளந்த 1 : 1.5 : 3 அதை எட்டும் என்று எண்ணித்தான் போடுகிறோம், அது உறுதிச்சீட்டு ஆகாது. அப்படி எழுதியிருக்கும் தூண்களுக்குக் கை கலவை ஏற்குமா என்று அவரையே கேட்டுவிட்டுச் சிமெண்டு எடுங்கள். அவர் வேறு கலவை சொன்னால் 8.06-க்குப் பதில் அந்தக் கலவையின் எண்ணைப் போடுங்கள். கன மீட்டரும் சேதாரமும் மாறாது.